பக்கவாட்டுப் படத்தை வைத்துப் பல்சரின் வருடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன மாசி மாதம் என் அண்ணன் மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பாண்டியில், அரியாங்குப்பம் பக்கம், ஒரு வீட்டுச் சுவரோரம் கறுப்புப் பல்சர் ஒன்று நிற்கிறது. கீழே ஒரு குரல் பதிவு: "சித்தப்பா, 2008 மாடல் ஒன் எய்ட்டியாம். கொஞ்சம் பாத்து சொல்லுங்க, நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

ஆர்.சி.யை அனுப்பச் சொல்லு என்றேன். வண்டிக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார், ராத்திரிதான் வருவார் என்றான். சரி, ராத்திரி வரை கையில் இருப்பது அந்த ஒரு படம்தான். அதை வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். அன்று பார்த்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லா வண்டிக்கும் ஒரே கட்டுரையில் வழி சொல்ல முடியாது. புல்லட்டை எடுத்துக்கொண்டால் அதன் முன்விளக்கு, இரண்டு பக்கமும் குட்டிப் பைலட் விளக்கு வைத்த அந்தக் கூடு, 1950களிலிருந்து பெரிதாக மாறவே இல்லை. அதில் விளக்கைப் பார்த்து வருடம் சொல்வது குறி சொல்வது மாதிரி. பல்சர் 150, 180 அப்படியில்லை. 2001 நவம்பரில் வந்ததிலிருந்து 2009 வரை சில வருடத்துக்கு ஒருமுறை உருவம் மாறியது. மாறியதும் நாம் பார்க்க வேண்டிய மூன்று இடங்களில்தான்: முன்விளக்கு, பெட்ரோல் டேங்க், சைலன்சர். அதனால் இந்த எட்டு வருடத்துப் பல்சரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் படத்தைச் சரி பாருங்கள்

பல்சருக்குச் சைலன்சர் வலது பக்கம், செயின் இடது பக்கம். ஆகவே நமக்கு வேண்டியது வலது பக்கப் படம். இடது பக்கத்திலிருந்து எடுத்தால் சைலன்சரின் வால் மட்டும் பின்சக்கரத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்கும், இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப் இன்ஜினுக்குப் பின்னால் மறைந்துவிடும். மூன்று சாட்சியில் ஒன்று போச்சு.

சில சமயம் படமே இடவலமாகத் திரும்பியிருக்கும். செல்ஃபி கேமராவில் எடுத்தது, பழைய நெகட்டிவைப் புறம் மாற்றி ஸ்கேன் செய்தது, இப்படி. நம்பர் பிளேட்டை மறைத்து அனுப்பினால் இது சட்டென்று தெரியாது. சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். அது எப்போதும் இடது பக்கம்தான், வண்டியும் இடது பக்கம்தான் சாய்ந்து நிற்கும். படத்தில் வண்டி ஓட்டுபவரின் வலது கைப் பக்கம் சாய்ந்திருப்பதுபோல் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. திருப்பிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது தூரம். அடைசலான வாசலில் நின்று, ஒரு கஜம் தள்ளிப் படம் எடுத்தால் நடுவில் இருக்கும் டேங்க் ஊதித் தெரியும், இரண்டு சக்கரமும் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தப் படத்தில் சாதாரண டேங்க்கூடப் பின்னாளில் வந்த முறுக்கேறிய டேங்க் போல இருக்கும். நாலடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து, டேங்க் உயரத்தில் போனைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் பெரிதாக்கிப் பார்க்கும்போது உடையாது. இதைக் கேட்டதற்கே என் அண்ணன் மகன் "என்ன சித்தப்பா, கல்யாண ஆல்பமா?" என்றான். ஆனாலும் வாங்கி அனுப்பினான்.

முன்விளக்கு

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் இதுதான் காலத்தை மூன்றாக வெட்டித் தருகிறது.

வெறும் வட்ட விளக்கு, மேலே கூடு எதுவும் இல்லை, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டியது போல் இருக்கிறது என்றால் அது முதல் தலைமுறை. 2001 கடைசியில் அறிமுகமாகி 2003 வரை வந்தது. எங்கள் கடலூரில் 2002, 2003 வாக்கில் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் பல்சர் எல்லாம் இந்த வட்ட விளக்குதான்.

2003 கடைசியில் இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் வந்தது. டிடிஎஸ்ஐ என்ற ஸ்டிக்கரோடு வந்தது அதுதான். அதோடு விளக்கைச் சுற்றி ஒரு சின்னக் கூடும் வந்தது. நம் மெக்கானிக்குகள் 'டூம்' என்பது இந்தக் கூட்டைத்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் ஹேண்டில்பாருக்கு முன்னால் மூக்கு முளைத்தது போல் இருக்கும். இந்த டூமில் பைலட் விளக்குகள் பெரிய விளக்கோடு சேர்ந்தே இருக்கும்.

2006இல் அந்தப் பைலட் விளக்குகள் தனியாகப் பிரிந்து, பெரிய விளக்குக்கு மேலே, இரண்டு புருவம் போல் உட்கார்ந்தன. நேர் பக்கவாட்டுப் படத்தில் அந்தப் புருவம் முழுதாகத் தெரியாது. டூமின் ஓரத்தில், வைசருக்குக் கீழே, முக்கோணமாக ஒரு கண்ணாடித் துண்டு மட்டும் மின்னும். அது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால் நல்லது. அதே மாற்றத்தோடு இண்டிகேட்டரின் ஆரஞ்சுக் கண்ணாடி போய் வெள்ளைக் கண்ணாடி வந்தது, பல்பு மட்டும் ஆரஞ்சு. புருவம் தெரியாத படத்தில் இண்டிகேட்டரின் நிறம் கை கொடுக்கும்.

நமக்கு வந்த படத்தில் புருவம் இருந்தது. அப்படியானால் 2006க்குப் பிறகு. இதுவரை வண்டிக்காரர் சொன்ன 2008க்கு எந்தப் பழுதும் இல்லை.

டேங்க்

டேங்க் ரொம்ப நாள் பெரிதாக மாறவில்லை. அதனாலேயே அது மாறிய இடம் நல்ல எல்லைக்கல். 2009இல் 150, 180 இரண்டுக்கும் டேங்கின் முன்பக்கம் இருபுறமும் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கவசம் வந்தது. காற்றை அள்ளுவது போன்ற அமைப்பு, 'ஸ்கூப்' என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதே வருடம் வண்டி முழுக்கக் கறுப்புச் சாயலுக்கு மாறியது, டேங்கில் இருந்த பெயரும் ஒட்டிய ஸ்டிக்கராக இல்லாமல் புடைத்த எழுத்தாக வந்தது. டேங்கின் முன்விளிம்பு வழவழவென்று கீழே இறங்கினால் 2009க்கு முன்பு. ஃபோர்க் பக்கம் கொம்பு போல் நீட்டிக்கொண்டிருந்தால் 2009 அல்லது பிறகு.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2007இல் பல்சர் 200 என்று ஒன்று வந்தது. அதற்கு இந்த ஸ்கூப் அப்போதே இருந்தது. 2009 மாடல் 150 என்று சிலர் படத்தைப் பார்த்துச் சொல்வது உண்மையில் 2007 மாடல் 200ஆக இருக்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி கிக்கர். இருநூறில் கிக்கரே கிடையாது, செல்ஃப் மட்டும்தான். சீட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும். 2009இல் வந்த 180க்கும் சீட்டு பிரிந்ததுதான் என்பதால் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், 150தானா என்று உறுதிசெய்ய வலது பக்கம் கிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் படத்தில் டேங்க் வழவழப்பு. கிக்கர் இருக்கிறது. ஆக 2006க்கும் 2009க்கும் நடுவே. இன்னும் வண்டிக்காரர் பக்கம்தான் காற்று.

சைலன்சர்

இங்கேதான் எனக்கு இடறியது.

2005இல் பல்சரின் பெண்ட் பைப்பில் ஒரு சின்ன உப்பல் சேர்ந்தது. எக்ஸாஸ்டெக் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்ஜினுக்கு முன்னால் கீழிறங்கும் குழாயில், குழந்தைக்குப் பால் ஊட்டும் பாலாடையைக் கவிழ்த்துப் பற்றவைத்தது போல் ஒரு சின்ன அறை. குறைந்த வேகத்தில் இழுவை கூட்டுவதற்காக வைத்தது. அது இருந்தால் 2005க்குப் பிறகு. 2006இலிருந்து 2009க்குள் வந்த வண்டியானால் அது கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் படத்தில் பெண்ட் பைப் வழவழவென்று போய்ச் சைலன்சரில் சேர்கிறது. உப்பல் இல்லை.

அவசரப்பட்டு 2005க்கு முந்தியது என்று சொல்லிவிடக்கூடாது. நம் ஊரில், கடலூரானாலும் பாண்டியானாலும், மூன்று சாட்சியில் நம்பவே முடியாதது சைலன்சர்தான். உப்புக்காற்று. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ராத்திரி வெளியில் நிற்கும் வண்டியில் முதலில் அரிப்பது பெண்ட் பைப்பும் சைலன்சரின் அடிவயிறும்தான். சூடாகிக் குளிரும்போது உள்ளே கோக்கும் தண்ணீர் ஒரு பக்கம், வெளியே உப்பு ஒரு பக்கம். ஓட்டை விழுந்ததும் கம்பெனி சைலன்சர் வாங்க மனசு வராமல், கடையில் கிடைக்கும் வேறு சைலன்சரை மாட்டிவிடுவார்கள். அதில் இந்த உப்பல் இருக்காது. சேலத்து வண்டியில் சைலன்சரை ஓரளவு நம்பலாம், தேவனாம்பட்டினத்து வண்டியில் நம்பக்கூடாது.

மாற்றியதா, கூடவே பிறந்ததா என்று படத்திலேயே ஓரளவு தெரியும். குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தில் துருவின் அளவைப் பாருங்கள். வண்டியின் மற்ற இரும்பு, அதாவது ஃபுட்ரெஸ்ட் தாங்கி, செண்டர் ஸ்டாண்டு, இவை எல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும்போது சைலன்சர் மட்டும் பளபளத்தால் அது வேறு வயது. சைலன்சரின் பின்முனை பின்சக்கரத்தின் அச்சை எவ்வளவு தாண்டுகிறது, எந்தச் சாய்வில் ஏறுகிறது என்பதையும் அதே மாடலின் வேறு படத்தோடு ஒப்பிடுங்கள். வெளிக்கடைச் சைலன்சர் பெரும்பாலும் நீளத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நம் படத்தில் அது பளபளத்தது. ஆகவே சைலன்சரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டேன்.

சாட்சிகள் சண்டை போட்டால்

மூன்றில் ஒன்று போனால் பாக்கி இரண்டையும் அப்படியே நம்பலாமா? கூடாது. டூமும் சுலபமாக மாறுகிற பொருள்தான். வண்டி ஒருமுறை முன்பக்கம் இடித்தால் போதும், அது உடையும், புதிது வரும். டேங்க் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனால் டேங்க் நமக்குச் சொன்னது 2009க்கு முன்பு என்பது மட்டும்தான். 2006க்குப் பிறகு என்று சொன்னது டூம் ஒன்றே. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதால் வண்டியின் பின்பாதிக்குப் போனேன்.

பின்பாதியில் யாரும் மெனக்கெட்டு மாற்றாத பொருள்கள் இருக்கின்றன. சீட்டுக்குக் கீழே இருக்கும் சைடு பேனல் அதில் முதல். 2006 மாற்றத்தில் இது வால் பக்கம் கூராக ஒடுங்கிப் போகும்படி ஆனது. அதற்கு முந்தியது கொஞ்சம் மொத்தமாக, கூர் இல்லாமல் முடியும். இரண்டாவது டெயில் லேம்ப். 2006இல் இரண்டு கோடு போல எரியும் எல்இடி வந்தது. அதற்கு முன்பு சாதாரண பல்பு, சிவப்புக் கண்ணாடி பெரிதாகப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தத் துருத்தல் தெரியும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்தவை, ஒன்றை மட்டும் மாற்றினால் இடைவெளி விழும். அதனால் இரண்டும் ஒரே காலத்தைச் சொன்னால் நான் அதை நம்புவேன், டூம் என்ன சொன்னாலும் சரி.

நம் படத்தில் டெயில் லேம்ப் துருத்திக்கொண்டிருந்தது. சைடு பேனல் மொத்தமாக முடிந்தது. இரண்டும் 2006க்கு முந்தியது என்றன.

எவ்வளவு முந்தியது? சக்கரத்தைப் பார்த்தேன். முதல் வட்ட விளக்கு வண்டியும் 2003இல் வந்த டிடிஎஸ்ஐயும் கம்பிச் சக்கரத்தோடு வந்தவை, 18 அங்குலம். 2005இல் 17 அங்குல அலாய் எல்லா வண்டிக்கும் வந்தது, கூடவே பின் ஷாக் அப்சார்பருக்குப் பக்கத்தில் குட்டி சிலிண்டர் போல் வாயு அடைத்த டப்பா ஒட்டிக்கொண்டது. கம்பிச் சக்கர வண்டிக்குப் பின்னால் அலாய் மாட்டியவர்கள் நிறைய பேர் உண்டு என்பதால் அலாய் மட்டும் போதாது, டப்பாவும் வேண்டும். படத்தில் இரண்டும் இருந்தன. ஆக இது 2005 மாற்றத்துக்குப் பிறகு, 2006 மாற்றத்துக்கு முன்பு. முன்னால் மட்டும் பின்னாள் டூம் மாட்டியிருக்கிறார்கள்.

டூம் மாறியது என்பதற்கு ஒரு உறுதியும் கிடைத்தது. 2006 மாற்றத்தில் ஸ்பீடோமீட்டர் டிஜிட்டல் ஆனது, சக்கரத்திலிருந்து ஒயர் வழியாகச் சேதி போகும். அதற்கு முன்பு முன்சக்கர மையத்திலிருந்து மீட்டருக்குச் சுண்டுவிரல் கனத்தில் கேபிள் ஏறும். அண்ணன் மகனிடம் மீட்டரை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முள் ஓடும் பழைய மீட்டர். புது டூமுக்குள் பழைய மீட்டரை எப்படியோ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மெக்கானிக் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை.

வருடத்தை எப்படிச் சொல்வது

படத்தைப் பார்த்து "இது 2006" என்று ஒற்றை வருடம் சொல்லாதீர்கள். இரண்டு மாற்றத்துக்கு நடுவே உள்ள காலத்தைச் சொல்லுங்கள். புது உருவம் அறிமுகமான பிறகும் கடையில் பழைய உருவம் சில மாதம் நிற்கும், தள்ளுபடியில் போகும். அதனால் பதிவு ஆன வருடம் உருவத்தின் வருடத்தைவிட ஒன்று கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்கவே முடியாது. எல்இடி டெயில் லேம்போடு பிறந்த வண்டி 2004இல் பதிவாகியிருக்க வழியில்லை. அப்படி ஒரு ஆர்.சி. வந்தால் ஒன்று பின்பாதி மொத்தமும் மாறியிருக்க வேண்டும், இல்லை ஆர்.சி. வேறு வண்டியுடையது.

150ஆ 180ஆ என்பதை 2009க்கு முந்திய வண்டியில் பக்கவாட்டு உருவத்தை வைத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். ஸ்டிக்கர்தான் வித்தியாசம், ஸ்டிக்கர் ஐம்பது ரூபாய். 2009க்குப் பிறகானால் பிரிந்த சீட்டும் அகலமான பின்டயரும் 180ஐக் காட்டும்.

எப்படியும் கடைசியில் ஆர்.சி.யைப் பார்க்க வேண்டும். அதில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும், சிசி அளவும் இருக்கும். அதில் உள்ள சேஸிஸ் நம்பர் வண்டியின் ஹேண்டில் தலைக்குக் கீழே அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வருடம் நமக்கு ஏன் முக்கியம் என்றால், ஆர்.சி. 15 வருடம்தான் செல்லும். 2008 வண்டியும் 2006 வண்டியும் இன்றைக்கு இரண்டுமே புதுப்பித்திருக்க வேண்டியவை, ஆனால் புதுப்பித்த தேதியும் அடுத்த கெடுவும் வேறு. அதோடு பிஒய் 01 வண்டியை டிஎன் 31க்குக் கொண்டுவர அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்ட வேண்டும். ஆவணத்தில் வருடம் தப்பாக இருந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

ராத்திரி எட்டரைக்கு ஆர்.சி. படம் வந்தது. தயாரிப்பு 2006 மார்ச், 180 சிசி. நான் சொன்ன இடைவெளிக்குள்தான் விழுந்தது, ஸ்டிக்கரும் பொய் சொல்லவில்லை. அண்ணன் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டான். "2008னு சொன்னீங்களேண்ணே?"

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "நான் வாங்கினது 2008ல தம்பி. கெடிலத்துக்கு அந்தாண்ட ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா எடுத்தேன். எனக்கு அதான் கணக்கு."

"அப்ப டூம் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"அது தானே புயலப்போ. வாசல் வேப்பமரம் நேரா முன்னாடி விழுந்துருச்சு. கடையில அப்ப இந்த டூம்தான் இருந்துது, மாட்டிக்கிட்டு வந்துட்டேன். நல்லாத்தான இருக்கு?"

தானே 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை கடந்தது. அந்த வாரம் இந்த ஊரில் டூம் மாடல் பார்த்து வாங்கும் நிலையில் யாரும் இல்லை. அண்ணன் மகன் என்னைப் பார்த்தான். மூவாயிரம் குறைத்துக் கேள், சைலன்சர் மாற்ற வேண்டியிருக்கும் என்றேன்.